சிங்க்குக்குக் கீழே ஒழுகும் கனெக்ஷன் ஓஸ்: கடலோர வீட்டுக்கு ஒரு விளக்கம்

கேள்வி: "கீழக்கரையில் வீடு. கிச்சன் சிங்க்குக்குக் கீழே குழாய்க்குப் போகிற பின்னல் ஓஸ் ஒழுகுது. மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிளம்பர் டேப் சுற்றி இறுக்கிக் கொடுத்தார், ரெண்டு நாள் சரியாக இருந்தது, மறுபடி சொட்டுது. ஒழுகாமல் போடுவது எப்படி? எந்த ஓஸ் வாங்க வேண்டும்?"

முதலில் அந்த டேப்பைக் கழற்றிவிடுங்கள். கனெக்ஷன் ஓஸின் நட்டுக்குள் டெஃப்லான் டேப்புக்கு வேலையே இல்லை.

ஓஸின் நட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால் அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் தட்டையாக உட்கார்ந்திருக்கும். நட்டை முடுக்கும்போது அந்த வாஷர், சுவரில் ஓஸ் மாட்டும் சின்ன வால்வான ஆங்கிள் காக்கின் வாய் விளிம்பில் போய் அழுந்துகிறது. தண்ணீரைத் தடுப்பது அந்த அழுத்தம்தான். மரைக்கு இதில் ஒரே வேலை, வாஷரை இழுத்துப் பிடிப்பது. மரை வழியாகத் தண்ணீர் கசிகிறது என்றால், அது வாஷரைத் தாண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மரையில் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் கொஞ்ச நேரம் தாமதப்படுமே தவிர நிற்காது. சொல்லப்போனால் டேப் கெடுதலே செய்கிறது. மரை தடித்துப்போவதால், வாஷர் விளிம்பைச் சரியாகத் தொடும் முன்பே நட் இறுகிவிட்டதுபோல் கைக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ரெண்டு நாள் நின்று மறுபடி சொட்டியதற்கு இதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

டேப் தேவைப்படும் இடம் வேறு. ஆங்கிள் காக் சுவருக்குள் போகிறதே, அந்த மரைக்கு மட்டும்தான் டேப். அங்கே வாஷர் கிடையாது, மரையே அடைக்க வேண்டும்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் மிகக் குறைவு. தொட்டி குழாயைவிடப் பத்தடி உயரத்தில் இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 கிலோ. பிரஷர் பம்ப் இருந்தால்தான் அது 2, 3 கிலோ வரை போகும். 0.3 கிலோவைத் தடுக்க வாஷர் நேராக உட்கார்ந்தாலே போதும், பலம் தேவையில்லை. அதனால் தொட்டித் தண்ணீர் வரும் வீட்டில் ஓஸ் முனை சொட்டினால் "இன்னும் இறுக்கு" என்று நினைக்காதீர்கள். வாஷருக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் பின்னல் வழியாக இறங்கி, ஓஸ் வளையும் அடிப்பகுதியில் வந்து சொட்டும். அதைப் பார்த்து ஓஸே ஓட்டை என்று முடிவுகட்டுகிறவர்கள் அநேகம். மேலே சிங்க்கில் குழாய் அடி ஆடினாலும், பாத்திரம் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி இதே ஓஸ் வழியாகத்தான் கீழே வரும்.

எல்லாவற்றையும் பழைய துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். மேலே குழாயை மூடிவிட்டு ஆங்கிள் காக்கை மட்டும் முழுதாகத் திறந்து வையுங்கள். குழாய் மூடியிருக்கும்போதுதான் ஓஸுக்குள் முழு அழுத்தமும் நிற்கும். திறந்து ஓடவிட்டால் அழுத்தம் குறைந்துவிடும். ராத்திரியெல்லாம் சொட்டிக் காலையில் பலகை நனைந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். இப்போது டிஷ்யூ காகிதத் துண்டை மேலிருந்து கீழாக ஒவ்வோர் இடத்திலும் ஒற்றிப் பாருங்கள். சிங்க்குக்குக் கீழே நீட்டி நிற்கும் குழாயின் கால், மேல் நட், பின்னலை நட்டோடு கவ்விப் பிடிக்கும் உலோக வளையம், பின்னலின் நடுப்பகுதி, கீழே இன்னொரு வளையம், கீழ் நட், ஆங்கிள் காக்கின் கைப்பிடித் தண்டு, கடைசியில் சுவர் என்று இறங்கி வாருங்கள். முதலில் எங்கே காகிதம் நனைகிறதோ அதுதான் இடம்.

பத்து நிமிடம் கழித்தும் எதுவும் நனையவில்லை என்றால் குழாயைத் திறந்து ஓடவிடுங்கள். அப்போது மட்டும் ஈரம் வந்தால் குழாயின் உடம்பிலோ அடி வாஷரிலோ கோளாறு. சிங்க்கை நிரப்பித் திறந்துவிட்டால் மட்டும் வருகிறது என்றால் அது சிங்க்கின் ஓட்டையில் மாட்டியிருக்கும் வேஸ்ட் கப்ளிங். ஓஸுக்குச் சம்பந்தமே இல்லை, காசைக் கொட்டி ஓஸ் மாற்ற வேண்டாம்.

போர் தண்ணீர் லைனாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவம் விட்டுப்போகும். அந்த வெள்ளைக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து போனால் ஒழுகல் தொடங்கிய இடத்தில் போய் நிற்கும். அதனால் உடனே துடைத்துவிடாமல் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடலோரத்தில் ஓஸ் ஏன் சீக்கிரம் போகிறது

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரை முழுக்கக் காற்றிலேயே உப்பு இருக்கிறது. சிங்க்குக்குக் கீழே இருட்டும் ஈரமும் சேர்ந்திருப்பதால் பின்னலில் படிந்த உப்பு காய்வதே இல்லை. நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூட உப்பில் உள்ள குளோரைடு ஊசிக்குத்துபோல் புள்ளி புள்ளியாக அரிக்கும். முதலில் பழுப்புப் புள்ளி, அப்புறம் ஒன்றிரண்டு இழை அறுந்து முள்ளாக நிற்கும். உள்ளே இருப்பது வெறும் ரப்பர் குழாய். பின்னல் விட்டுக்கொடுத்த இடத்தில் அது புடைத்து, ஒருநாள் கிழியும்.

இதைவிட வேகமாக அரிப்பது பலர் வீட்டில் சிங்க்குக்குக் கீழேயே குடியிருக்கிறது. டாய்லெட் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்தான். மூடி சரியாக மூடாத ஆசிட் பாட்டில் விடும் ஆவி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி. மூடிய அலமாரிக்குள் அது பின்னலையும் பித்தளை நட்டையும் தின்றுவிடும். இரண்டையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அதுவும் தனித்தனியாக. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் விஷவாயு வரும்.

எதை வாங்குவது

கடையில் பளபளவென்று தொங்கும் பின்னல் ஓஸ் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்ல. விலை குறைந்தவற்றில் அலுமினியக் கம்பிப் பின்னல் இருக்கும். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒட்டாது. மாறாக, இழுத்து மெலிதாக்கிய 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் லேசாக ஒட்டவும் செய்யலாம். கையில் தூக்கிப் பாருங்கள். அலுமினியப் பின்னல் லேசாக இருக்கும், நிறம் மங்கிய சாம்பல், ஒரு இழையை நகத்தால் நெம்பினால் எளிதில் வளையும். உப்புக் காற்றில் அது வெள்ளைத் தூளாக உதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 என்று அட்டையிலோ வளையத்திலோ போட்டிருப்பதை வாங்குங்கள். நட்டின் உட்புற மரையைப் பாருங்கள், மஞ்சளாகப் பித்தளை தெரிய வேண்டும். வெள்ளை உலோகத்தில் வார்த்து மேலே பளபளப்புப் பூசிய நட் உப்பில் வெடித்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், மாடித் தொட்டித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டுக்கு உலோகப் பின்னலே வேண்டியதில்லை. உள்ளே நூல் பின்னல் வைத்த தடிமனான பிவிசி கனெக்ஷன் பைப், இரு முனையிலும் பித்தளை நட் உள்ளது, கடலோரத்தில் மலிவான பளபளப்பு ஓஸைவிட நன்றாக உழைக்கும். துருப்பிடிக்க அதில் கம்பியே இல்லை. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சிங்க்குக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள். பிரஷர் பம்ப் உள்ள லைனுக்கும் கீசர் லைனுக்கும் மட்டும் இது ஆகாது. அங்கே 304 பின்னல்தான்.

நீளம் முக்கியம். ஆங்கிள் காக்கின் வாயிலிருந்து குழாயின் கால் வரை அளந்து, அதோடு ஏழெட்டு சென்டிமீட்டராவது கூடுதலாக வருகிற அளவை வாங்குங்கள். 450 மில்லிமீட்டர், 600 மில்லிமீட்டர் இரண்டும் எளிதாகக் கிடைக்கும். விறைப்பாக இழுத்து மாட்டிய ஓஸ், நட்டை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். வாஷரின் மறுபக்கம் தளரும். ரொம்ப நீளமானது மடிந்து நிற்கும். நட்டை விட்டு வெளியே வரும் முதல் இரண்டு அங்குலம் வளையாமல் நேராகப் போக வேண்டும். ஓஸ் எட்டவில்லை என்று இரண்டு ஓஸை நிப்பிள் போட்டு இணைக்க வேண்டாம். ஒழுகக்கூடிய இடத்தை அது இரண்டு மடங்காக்குகிறது.

மாற்றும் விதம், ஒரு வீட்டை வைத்து

உச்சிப்புளிப் பக்கம் என் தங்கை வீட்டில் இதே தொந்தரவு. அங்கே சிங்க்கில் இரண்டு குழாய்கள். ஒன்று போர் தண்ணீர், இன்னொன்று காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நல்ல தண்ணீர். ஒழுகியது நல்ல தண்ணீர்க் குழாயின் ஓஸ். "அண்ணே, இறுக்க இறுக்க அதிகமா ஒழுகுதுண்ணே" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். இறுக்கினால் கூடுகிறது என்றால் வாஷர் பிதுங்கியோ வெட்டுப்பட்டோ இருக்கிறது. டிஷ்யூ வைத்துப் பார்த்தால் மேல் நட் காய்ந்திருந்தது, கீழ் நட் நனைந்தது. கீழ் வளையத்தை ஒட்டிப் பின்னலும் பழுப்பேறி இரண்டு இழை அறுந்திருந்தது. பக்கத்திலேயே ஆசிட் பாட்டில்.

ஆங்கிள் காக்கை மூடிப் பார்த்தோம், உப்புப் படிந்து முழுதாக மூடவில்லை. பலத்தைக் காட்டித் திருகாமல் மாடிக்குப் போய்த் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து லைனில் நின்ற தண்ணீரை வடித்தோம். கீழே ஒரு சட்டி.

அடுத்ததுதான் இந்த வேலையிலேயே கவனமாகச் செய்ய வேண்டியது. ஓஸ் நட்டைத் திருகும்போது இன்னொரு ஸ்பேனரால் ஆங்கிள் காக்கின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் திருகினால் ஆங்கிள் காக்கும் சேர்ந்து சுழலும். சுவருக்குள் இருக்கும் டேப் அடைப்பு விட்டுப்போகும், இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வளைவான சிபிவிசி எல்போவுக்குள் பதித்த பித்தளை மரையே ஆட்டம் கண்டுவிடும். ஓஸ் ஒழுகல் வெளியே தெரியும். இது டைல்ஸுக்குப் பின்னால் சத்தமில்லாமல் சுவரை நனைக்கும்.

நட்டைக் கழற்றினால் உள்ளே டேப் கிழிசல், அதோடு இரண்டு வாஷர் ஒன்றன்மேல் ஒன்றாக. பழைய வாஷர் ஆங்கிள் காக்கின் வாயில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புது ஓஸை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு ரப்பர் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் அழுத்தும்போது வழுக்கிப் பக்கவாட்டில் பிதுங்கும். இறுக்க இறுக்க அதிகமானது இதனால்தான். பழைய ஓஸைக் கழற்றியதும் நட்டுக்குள் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது ஆங்கிள் காக்கின் வாயில்தான் இருக்கும்.

ஆங்கிள் காக்கின் வாய் விளிம்பில் உப்புப் பொருக்கு கட்டியிருந்தது. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் வந்துவிடும். அரம், கத்தி எதுவும் விளிம்பில் படக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அதுவே வாய்க்கால். விரல் நுனியைச் சுற்றிவரத் தடவிப் பாருங்கள், எங்கும் தட்டக்கூடாது.

வாயிலிருந்து குழாயின் கால்வரை 36 சென்டிமீட்டர் இருந்தது. 450 மில்லிமீட்டர் ஓஸ் எடுத்தோம். மாட்டுவதற்கு முன் இரண்டு நட்டிலும் வாஷர் இருக்கிறதா, தட்டையாக அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். சில ஓஸுக்கு வாஷர் பாக்கெட்டுக்குள் தனியாகக் கிடக்கும், கவரோடு குப்பைக்குப் போய்விடும். வாஷருக்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். பல ஓஸ்களில் வரும் ஈபிடிஎம் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். நல்ல தண்ணீரில் நனைத்தால் போதும்.

மேல் முனையை முதலில் மாட்டுவது வசதி. நட்டைக் கையாலேயே முடுக்குங்கள். முதல் மூன்று சுற்றும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தடுக்கினால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். கையால் போகும் மட்டும் போனதும் ஸ்பேனரால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. அவ்வளவுதான். கீழ் முனையை இறுக்கும்போது மறுகையால் ஓஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், நட்டோடு ஓஸும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கேறிய ஓஸ் நாள்பட நட்டைத் தளர்த்திவிடும்.

உங்களுடையது ஒற்றைக் கைப்பிடி மிக்சர் என்றால் மேல் முனை வேறு மாதிரி இருக்கும். மெல்லிய மரையும் அதன் அடியில் ஒரு ஓ ரிங்கும் வரும். அதைக் கையால் மட்டும் முடுக்குங்கள், ஸ்பேனரே வேண்டாம். ஓ ரிங் உள்ளே போய் மறைந்தால் அடைத்துவிட்டது. இரண்டு ஓஸில் ஒன்றின் முனை நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருப்பது தவறல்ல, பக்கத்தில் பக்கத்தில் இடிக்காமல் நிற்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

இன்னொன்று, நம் ஊரில் மட்டும் சொல்ல வேண்டியது. மிக்சரின் இரண்டு பக்கத்தில் ஒன்றுக்குப் போர் தண்ணீரும் இன்னொன்றுக்கு நல்ல தண்ணீரும் கொடுத்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். கொடுக்காதீர்கள். கைப்பிடி நடுவில் நிற்கும்போது குழாயின் வாயில் இருக்கும் முனை வலை அடைத்திருந்தால், அழுத்தம் அதிகமுள்ள லைனின் தண்ணீர் மற்ற லைனுக்குள் ஏறும். உப்புத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் போய்விடும்.

குழாயின் அடியையும் பார்த்துவிடுங்கள். மெல்லிய ஸ்டீல் சிங்க்கில் குழாய் ஆடினால் ஓஸ் நட்டும் சேர்ந்து ஆடும். அடியில் வரும் ரப்பர் வளையம் மேலே, தாங்கு தட்டு கீழே என்ற வரிசையில் வைத்து, கால் நட்டை இறுக்கியபின் குழாயைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

ஆங்கிள் காக்கையே மாற்ற வேண்டியிருந்தால், சுவர் எல்போவுக்குள் கிடக்கும் பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, புதுக் காக்கின் மரை முனை உங்களைப் பார்த்தபடி பிடித்து, கடிகார முள் திசையில் டேப்பை இழுத்துப்பிடித்துச் சுற்றுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய வெள்ளை டேப்புக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து சுற்று வேண்டும். முதல் மரையை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே முடுக்கி வரும்போது வாய் மேல்நோக்கி வருகிற இடத்தில் நிறுத்துங்கள். தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பக் கூடாது, திருப்பினால் அடைப்பு விட்டுவிடும். முழுச் சுற்று போகிற அளவுக்கு இடம் இருந்தால் முன்னால்தான் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் கழற்றி, புது டேப் சுற்றி மறுபடி தொடங்குங்கள்.

எல்லாம் மாட்டியதும் தொட்டி வால்வைத் திறந்து, ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறங்கள். குழாயைத் திறந்து காற்று போகும் மட்டும் ஓடவிட்டு மூடுங்கள். லைனில் உதிர்ந்த பொருக்கு முனை வலையில் சிக்கியிருக்கும், கழற்றிக் கழுவிக்கொள்ளுங்கள். பிறகு அதே டிஷ்யூ சோதனை, குழாய் மூடிய நிலையில். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, தொட்டி நிரம்பிய மறுநாள் காலை ஒருமுறை. லேசான ஈரம் மட்டும் தெரிந்தால் எட்டில் ஒரு பங்கு சுற்று கூட்டலாம். அதற்கும் நிற்கவில்லையென்றால் இறுக்குவதை நிறுத்திவிட்டுக் கழற்றி வாஷரைப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பின்னலையும் நட்டையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டால் உப்பு தங்காது. பழுப்பு வந்த இடத்தில் துணியோ டேப்போ சுற்றி மறைக்க வேண்டாம், உப்பு ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும். இழை அறுந்தாலும், பின்னல் ஓரிடத்தில் புடைத்தாலும், நட்டில் வெள்ளை அல்லது பச்சைப் படிவம் தடித்தாலும் அன்றே மாற்றுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் நம் கரையில் இரண்டு மூன்று வருஷத்துக்குமேல் ஒரு பின்னல் ஓஸை நான் விட்டுவைக்க மாட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டிலோ சென்னையிலோ பல மாதம் இருப்பவர்கள் மாடித் தொட்டி வால்வை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓஸ் கிழிந்தால் ஆயிரம் லிட்டர் தொட்டியும் சமையலறையில்தான் இறங்கும்.

நீங்களே செய்யும்போது ஓரிடத்தில் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். ஓஸ் நட்டைத் திருகும்போது ஆங்கிள் காக் சுவரோடு சேர்ந்து ஆடினால், அல்லது அதைச் சுற்றி டைல்ஸில் ஈரம் படர்ந்தால், பழுது எல்போவில் இருக்கிறது. டைல்ஸை உடைத்து எல்போவை மாற்றினால்தான் தீரும். அதற்கு ஆள் வரும்வரை தொட்டி வால்வு மூடியே இருக்கட்டும்.